"நன்றி: இணையம்" என்பது நன்றியாகுமா?

ஆனைகட்டியில் வாழும் நமக்கு எல்லை என்பது நாள்தோறும் கடக்கும் ஒன்று. காலையில் தமிழகத்துப் பேருந்தில் ஏறிக் கோவைக்குச் செல்வோரும், கேரளத்து அலுவலகத்திற்கோ அட்டப்பாடித் தோட்டத்திற்கோ செல்வோரும் ஒரே தெருவில் குடியிருக்கிறோம். இப்படிப் பிழைப்பின் பொருட்டு வந்து சேர்ந்த குடும்பங்கள் தமிழை மறவாதிருக்கச் சங்கம் கண்டோம். எட்டுப் பக்கத்தில் காலாண்டு மடல் ஒன்றும் வெளியிடுகிறோம். அம்மடலைத் தொகுக்கும் பொறுப்பு சில ஆண்டுகளாக நம்மிடம் உள்ளது. ஆகவே, இக்கட்டுரையில் நாம் கடிந்துரைக்கப்போகும் குற்றத்தை முதலில் செய்தவரும் நாமே என்று ஒப்புக்கொண்டு தொடங்குகிறோம்.

நம் மடலின் பழைய இதழ்களைப் புரட்டினால் துணுக்குகளின் அடியில் மூன்று தொடர்கள் மாறி மாறி வரும். "நன்றி: இணையம்" என்பது ஒன்று. "படித்ததில் பிடித்தது" என்பது மற்றொன்று. "நன்றி: வாட்ஸ்அப்" என்பது மூன்றாவது. இவற்றை எழுதியபோது நாம் நாணயமாக நடந்துகொண்டதாகவே எண்ணினோம். பிறர் சரக்கைத் தமதென்று சொல்லவில்லையே என்னும் நிறைவும் நமக்கு இருந்தது. அந்நிறைவு ஒரு பொங்கல் விழாவில் கலைந்தது.

அவ்விழாவில் நம் மடலில் வந்திருந்த ஒரு குறிப்பை இளைஞர் ஒருவர் மேடையில் படித்தார். அட்டப்பாடி மலையில் பிறந்து, திரைப்படம் ஒன்றின் வாயிலாக உலகெங்கும் பரவிய ஒரு பாட்டைப் பற்றிய குறிப்பு அது. "ஆசிரியர் பெயர் அறியப்படாத பழங்குடிப் பாடல், நன்றி: இணையம்" என்று அச்சிட்டிருந்தோம். பந்தலின் ஓரத்தில் நின்றிருந்த இருளர் குலத்து அம்மையார் ஒருவர், படித்து முடிந்ததும் நம்மிடம் வந்து மெல்லச் சொன்னார்: "அந்தப் பாட்டுக்கு ஆள் இருக்குதுங்க. நஞ்சியம்மா பாட்டுங்க அது."

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. 2020இல் வெளிவந்த 'அய்யப்பனும் கோஷியும்' என்ற மலையாளப் படத்தில், அட்டப்பாடியைச் சேர்ந்த நஞ்சியம்மா தம் இருளர் மொழியில் தாமே எழுதித் தாமே பாடிய பாட்டு அது. இசையமைத்தவர் ஜேக்ஸ் பிஜாய். அப்படத்தில் பாடியமைக்காக, 2022இல் அறிவிக்கப்பட்ட 68ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில், சிறந்த பின்னணிப் பாடகி விருது நஞ்சியம்மாவுக்கு வழங்கப்பட்டது. நாடு முழுவதும் அறிந்த பெயரை, அவருடைய மலையின் அடிவாரத்தில் இருந்துகொண்டு, "அறியப்படாத" பெயர் என்று நாம் அச்சிட்டுவிட்டோம். பெயர் அறியப்படாமல் இல்லை. நாம் தேடவில்லை என்பதே நடந்தது. நம் சோம்பலை அவருடைய பெயரின்மையாக எழுதிவிட்டோம். இக்கொடுமையை மறைத்து நிற்கும் திரைக்குத்தான் "நன்றி: இணையம்" என்று பெயர்.

சற்றே எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். கோவையிலிருக்கும் மாமா ஒரு பலாப்பழத்தைப் பேருந்தில் கொடுத்தனுப்புகிறார். பழத்தை உண்டவர் பேருந்துக்கு நன்றி சொல்லிவிட்டு மாமாவை மறந்தால் அவரை என்னென்பது? இணையம் என்பது சரக்கு வரும் பாதை. பாதைக்கு நன்றி சொன்னால் அனுப்பியவருக்கும் அது சேராது. இன்னொரு பழம் வேண்டும் என்பவருக்கு வீட்டு முகவரியும் கிடைக்காது.

நாம் பணியாற்றுவது நடுவணரசின் அலுவலகம் ஒன்றில். மின்விசிறி பழுதென்று எழுதும் நான்கு வரிக் கடிதத்திலும் முந்தைய கடிதத்தின் எண்ணும் நாளும் குறித்தாக வேண்டும். கோப்பில் எழுதும் ஒவ்வொரு குறிப்பின் கீழும் எழுதியவர் சுருக்கொப்பமும் தேதியும் இடுகிறோம். ஒரு செய்தி பிழையென்று பின்னர்த் தெரிந்தால் அது எந்த மேசையில் பிழைத்தது என்று அறிவதற்கே இவ்வளவும். மின்விசிறிக்குக் காட்டும் இம்மரியாதையை ஒரு பாட்டுக்கும் ஓர் ஆய்வுக்கும் காட்ட மறுப்பது எவ்வகையில் முறையாகும்?

"நாம் பல்கலைக்கழகமா நடத்துகிறோம்? அடிக்குறிப்பும் நூற்பட்டியலும் யார் கேட்டார்கள்?" என்று நண்பர்கள் வினவுகின்றனர். அடிக்குறிப்பு வேண்டா என்றே நாமும் சொல்கிறோம். வடிவம் கட்டாயமில்லை என்பதற்கும் பெயர் கட்டாயமில்லை என்பதற்கும் மலையளவு வேறுபாடு உண்டு. இவ்வேறுபாட்டை நமக்குக் கற்பிக்க மேனாட்டு நூல்கள் வேண்டியதில்லை; நம் தொகைநூல்களே போதும்.

புறநானூற்றுப் பாடல்களின் அடியில் சிறு குறிப்புகள் வருகின்றன. பாடியவர் யார், யாரைப் பாடினார், எந்த வேளையில் பாடினார் என்பன இரண்டொரு வரியில் அங்கே அடங்கிவிடும். எண்ணும் குறியும் கொண்ட எந்த முறையும் அதில் இல்லை. ஆயினும் வேண்டிய செய்தி அனைத்தும் உண்டு. குறுந்தொகையைத் தொகுத்தோர் இதனினும் ஒருபடி மேலே சென்றனர். சில பாடல்களைப் பாடியவரின் இயற்பெயர் மறைந்து போயிருந்தது. அவற்றைப் பெயரற்ற திரளாக விட்டுவிடாமல், பாட்டிலேயே ஒளிவிட்ட ஒரு தொடரை எடுத்துப் பாடியவருக்குப் பெயராக்கினர். செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார் என்னும் பெயர்கள் இவ்வாறு அமைந்தவை. பெயர் கிடைக்காத இடத்திலும், "இது ஒரு தனி மனிதர் செய்தது" என்ற உண்மையை அழிய விடலாகாது என்னும் பொறுப்புணர்வு அதில் தெரிகிறது.

அவர்களிடம் மற்றோர் ஒழுக்கமும் இருந்தது. தெரிந்த அளவுக்கு மேல் அவர்கள் எழுதவில்லை. புறநானூற்றின் 112ஆம் பாடலைப் பாடியவர் "பாரி மகளிர்" என்று மட்டுமே குறிப்பு சொல்கிறது. அங்கவை, சங்கவை என்னும் பெயர்கள் பிற்கால வழக்கிலிருந்து வருபவை. இன்று நாம் அப்பாடலை மடலில் வெளியிடும்போது "அங்கவையும் சங்கவையும் பாடியது, புறநானூறு" என்று எழுதினால், புறநானூறு சொல்லாததைப் புறநானூற்றின் வாயில் திணித்தவர் ஆவோம். "பாரி மகளிர் பாடியது எனப் புறநானூறு குறிக்கும், பெயர்களைப் பிற்கால வழக்கு தருகிறது" என்று எழுதுவதற்குக் கூடுதலாக ஒரு வரி போதும். எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துக் காட்டுவதே பெயர் சொல்வதன் உயிர்நாடி.

இனி, அண்மைக் காலத்துக்கு வருவோம். டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் பதிப்புகளின் முகவுரைகளில் ஏடு தந்தவர்களின் பெயர்களைக் குறித்துச் சென்றார் என்பது பலரும் அறிந்தது. நாம் இங்கே சுட்ட விரும்புவது வேறொன்று. 1880இல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று அவரைக் கேட்டார். அக்கேள்வியே அவரைப் பழந்தமிழ் நூல்களின்பால் திருப்பியது. முதலியார் அதற்குப் பதிப்புரை எழுதித் தந்தவர் அல்லர். உரை கண்டவரும் அல்லர். ஒரு நூல் இருக்கும் திசையைக் காட்டினார். சைன மரபுச் செய்திகள் விளங்காதபோது கும்பகோணத்துச் சந்திரநாத செட்டியார் முதலிய சைன அன்பர்கள் வாய்மொழியாக விளக்கினர். இவர்களையெல்லாம் ஐயர் 'என் சரித்திரம்' நூலில் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தார். எழுத்தில் வந்தது மட்டுமே மூலம் என்று அவர் கருதவில்லை. திசை காட்டியவரும் வாய்மொழியாகச் சொன்னவரும் அவருக்கு மூலங்களே.

நம் மடலுக்கு இது நேரே பொருந்தும். ஒரு கட்டுரை இருப்பதை நமக்குச் சொன்னவர் நம் அண்டை வீட்டு ஆசிரியர் என்றால், "இக்கட்டுரையை நமக்குக் காட்டியவர் இன்னார்" என்று ஒரு தொடர் சேர்ப்பதில் என்ன குறைந்துவிடும்? மலையூர் மூப்பர் ஒருவர் சொன்ன கதையை எழுதும்போது, "ஊர்ப் பெரியவர் ஒருவர் கூறியது" என்று பூசி மெழுகாமல், அவரிடம் கேட்டு, அவர் இசைந்தால் அவர் பெயரையும் ஊரையும் கேட்ட ஆண்டையும் எழுதுவதே நேர்மை. அவர் இசையாவிட்டால் பெயரை விடுத்து ஊரையும் ஆண்டையும் மட்டும் எழுதி, "பெயர் வேண்டா என்றார்" என்று குறிக்கலாம். கேளாமல் பெயரை மறைப்பது பறிப்பது. கேளாமல் பெயரை வெளியிடுவதும் தீங்கே.

புலம்பெயர்ந்து வாழும் தமிழர்க்கு இப்பொருளில் தனிப் பங்கு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். இன்று நாம் கைப்பேசியில் திறந்து படிக்கும் சங்க நூல்களும் பாரதியார் பாடல்களும் பெரும்பாலும் மதுரைத் திட்டம் வழியாக வந்தவை. 1998 பொங்கலில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் தலைமையில் தொடங்கிய முயற்சி அது. பல நாடுகளில் இருந்த தமிழன்பர்கள் ஊதியமின்றித் தட்டச்சு செய்தும் பிழை திருத்தியும் நூல்களை மின்பதிப்பாக்கினர். ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் ஒரு முகப்பு உண்டு. தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் ஆகியோரின் பெயர்கள் அதில் இருக்கும். கோப்பினை எவரும் தடையின்றிப் பகிரலாம். அம்முகப்பை மட்டும் சிதைக்காது வைத்திருக்க வேண்டும் என்பதே அவர்கள் விதித்த நிபந்தனை. பொருள் கேட்கவில்லை, புகழாரம் கேட்கவில்லை. தம் பெயர் இருக்கும் பத்து வரியை வெட்டாதீர் என்றார்கள். நாம் செய்தது என்ன? முகப்பை வெட்டிவிட்டுப் பாட்டை ஒட்டி, அடியில் "நன்றி: இணையம்" என்று எழுதினோம். கடல் கடந்து வாழ்ந்த ஒருவர் பகல் வேலை முடிந்து இரவில் கண்விழித்துத் தட்டச்சு செய்ததற்கு நாம் அளித்த கூலி அவருடைய பெயரை வெட்டியதுதான்.

குற்றம் சொன்னால் போதாது. செய்முறையும் காட்ட வேண்டும். நம் மடலின் இதழ் ஒன்றில் குறுந்தொகையின் 41ஆம் பாடலைப் பற்றி ஒரு பத்தி எழுதினோம். தலைவன் உடனிருந்தால் விழாக்கொண்ட ஊர்போல் மகிழ்வதாகவும், அவன் பிரிந்தால் மக்கள் நீங்கிப்போய் முற்றத்தில் அணில் ஆடும் வீடுபோல் பொலிவிழப்பதாகவும் தலைவி கூறும் பாட்டு அது. ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டு வந்த நம் குடும்பங்களுக்கு அந்த முற்றம் தெரியும். முதலில் நாம் அடியில் எழுதியது வழக்கமான "நன்றி: இணையம்" தான். அதை அழித்துவிட்டு நான்கு கேள்விகளை நமக்கு நாமே கேட்டுக்கொண்டோம்.

பாடியவர் யார் என்பது முதற்கேள்வி. அணிலாடு முன்றிலார். உரை யாருடையது என்பது இரண்டாவது. குறுந்தொகையை 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கனார் உரையுடன் பதிப்பித்தார்; 1937இல் உ. வே. சாமிநாதையர் தம் உரையுடன் பதிப்பித்தார். இருவர் உரையும் எல்லா இடத்தும் ஒன்றல்ல. நாம் கையில் வைத்திருந்தது ஐயர் உரை. நாம் பார்த்த வடிவம் எது என்பது மூன்றாவது. பாட்டின் மூலத்தை மின்பதிப்பில் பார்த்தோம். உரையை நூலக நூலில் பார்த்தோம். நமக்குச் சொன்னவர் யார் என்பது நான்காவது. சங்க உறுப்பினரான ஓய்வுபெற்ற தமிழாசிரியை. விடைகளைச் சேர்த்துப் பத்தியின் முடிவில் இப்படி எழுதினோம்: "இது குறுந்தொகை 41ஆம் பாடல், பாடியவர் அணிலாடு முன்றிலார். பொருள் கூறியதில் உ. வே. சாமிநாதையரின் 1937ஆம் ஆண்டுப் பதிப்பின் உரையைப் பின்பற்றினோம். மூலத்தை மதுரைத் திட்ட மின்பதிப்பில் (projectmadurai.org) பார்த்தோம். இப்பாட்டை நினைவூட்டியவர் நம் சங்கத்துத் தமிழாசிரியை." ஆசிரியையின் பெயரும் மடலில் உண்டு, இங்கே விடுத்தோம். அடிக்குறிப்பு இல்லை, குறியீடு இல்லை. பேச்சு நடையில் சில வாக்கியங்கள்.

"பார்த்தோம்" என்ற சொல்லில் ஒரு பயன் உண்டு. ஓர் எழுத்து பிழையாக அச்சாகியிருந்தால், பிழை நம்முடையதா, மின்பதிப்பினுடையதா, அச்சுப் பதிப்பினுடையதா என்று வாசகர் தேடிக் காண இயலும். ஐயர் உரையை வார இதழ்க் கட்டுரை ஒன்றில் மட்டும் படித்துவிட்டு, ஐயர் நூலையே படித்ததுபோல் எழுதுவது பொய்யாகும். அவ்விடத்தில் "இன்ன இதழில் இன்னார் எடுத்துக்காட்டியபடி" என்று எழுத வேண்டும். இடையில் உள்ளவர் தவறியிருந்தால் அத்தவற்றைப் பெரியவர் தலையில் ஏற்றாமல் இருக்க இதுவே வழி.

இணைய முகவரி பற்றியும் ஒரு சொல். மின்னஞ்சலில் போகும் மடலில் செய்தி உள்ள அப்பக்கத்தின் முகவரியையே தர வேண்டும். தளத்தின் முகப்பைத் தந்து, தேடிக்கொள்க என்று கைவிடலாகாது. ஆயினும் முகவரியை மட்டும் தந்து பெயரை விடுவது பெரும்பிழை. தளங்கள் மூடப்படும், பக்கங்கள் இடம் மாறும். எழுதியவர் பெயர், கட்டுரைத் தலைப்பு, வெளிவந்த நாள் ஆகிய மூன்றும் இருந்தால் முகவரி இறந்த பின்னும் கட்டுரையைத் தேடிப் பிடிக்கலாம். அச்சில் வரும் மடலில் நூறு எழுத்து நீளும் முகவரியை எவரும் தட்டச்சு செய்யப்போவதில்லை. அங்கே தளத்தின் பெயரும் இம்மூன்றுமே போதும்.

பெயரைச் சொல்லிவிட்டாலே கடமை முடிந்தது என்பாரும் உளர். அவர்க்கு இரண்டு எச்சரிக்கை. முதலாவது, வந்த பெயரை அப்படியே நம்பலாகாது. பாரதியார் பெயரிலும் அப்துல் கலாம் பெயரிலும் அவர்கள் எழுதாதவை எத்தனையோ உலவுகின்றன. பெயர் மட்டும் இருந்து நூற்பெயரும் ஆண்டும் இல்லையெனில் ஐயுறுக. பாரதியார் பாடல் என்றால் முழுத் தொகுப்பின் முதற்குறிப்பகராதியில் பார்த்தால் கால்மணி நேரத்தில் தெரிந்துவிடும். காணவில்லையெனில் துணுக்கை விட்டுவிடுக, விட மனமில்லையெனில் "பாரதியார் பெயரில் உலவுகிறது, தொகுப்பில் நாம் காணவில்லை" என்று உள்ளபடி எழுதுக. பொய்ப் பெயர் இருவரை வஞ்சிக்கிறது. எழுதியவர் பெயரிழக்கிறார், எழுதாதவர் பழி சுமக்கிறார்.

இரண்டாவது, பெயர் சொல்வது இசைவு பெறுவதற்கு ஈடாகாது. நம் நாட்டுச் சட்டப்படி நூலின் பதிப்புரிமை ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு வரை நீடிக்கும். 1942இல் மறைந்த சாமிநாதையரின் எழுத்துகள் 2002ஆம் ஆண்டின் முடிவோடு பொதுவாயின. நேற்று ஓர் எழுத்தாளர் எழுதிய கதையை முழுமையாக அச்சிட்டு அடியில் அவர் பெயரை இட்டால், அது பெயர் சொல்லி எடுத்த திருட்டாகும். சில வரிகளை மேற்கோள் காட்டிப் பெயர் சொல்லலாம். முழுவதும் வேண்டுமெனில் அவருக்கு ஓர் அஞ்சல் எழுதிக் கேட்க வேண்டும். உரிமைக்காலம் முடிந்த நூலுக்கு இசைவு வேண்டா. பெயர் அப்போதும் வேண்டும்.

"அப்படியானால் திருக்குறளில் 1330 குறள் என்பதற்கும் மூலம் சொல்ல வேண்டுமோ?" என்று எள்ளுவோர்க்கும் விடை உண்டு. எல்லாரும் அறிந்ததும், எந்நூலில் பார்த்தாலும் மாறாததும் ஆகிய செய்திக்கு மூலம் வேண்டியதில்லை. பழமொழிக்கும் வேண்டியதில்லை. ஒருவர் தேடிக் கண்டது, ஒருவர் கணக்கிட்டது, ஒருவர் தம் சொற்களில் அழகுறச் சொன்னது, ஒருவர் வாய்மொழியாகத் தந்தது ஆகியவற்றுக்கு வேண்டும். ஐயம் வரும்போது ஒரு சோதனை போதும். அவர் நம் மடலைக் கையில் எடுத்துப் படித்தால், "இது நான் சொன்னதாயிற்றே" என்று நினைப்பாரா? நினைப்பார் எனில் அவர் பெயர் அங்கே இருக்க வேண்டும்.

இடமில்லை என்ற வாதத்துக்கும் கணக்குச் சொல்லிவிடுகிறோம். மேற்காட்டிய குறுந்தொகைக் குறிப்பு நம் மடலில் ஐந்து வரி கொண்டது. அதே இதழில் விழாவுக்கு வந்திருந்து சிறப்பித்தோர் பட்டியலுக்குக் கால்பக்கம் ஒதுக்கினோம். பந்தலில் அமர்ந்தவர்க்குக் கால்பக்கம் தரும் நாம், பாட்டைத் தந்தவர்க்கு ஐந்து வரி தர இடமில்லை என்பது யார் காதிலும் ஏறாது.

இச்சிறப்பு மலரில் எழுதும் அன்பர்களும், எல்லையின் இருபுறத்தும் நம்மைப்போல் சிறு மடல்கள் நடத்துவோரும் "நன்றி: இணையம்" என்னும் தொடரை இன்றோடு கைவிட வேண்டுகிறோம். நாம் கைவிட்டுவிட்டோம். அந்தப் பொங்கலுக்கு அடுத்த இதழின் முதற்பக்கத்தில் நஞ்சியம்மா பெயரைப் பாட்டோடு சேர்த்து, முந்தைய இதழில் தவறியது நாமே என்ற திருத்தத்தையும் அச்சிட்டோம். அவ்விதழின் ஒரு படியை, பந்தலில் வந்து உண்மை சொன்ன அந்த அம்மையாரிடம் நேரில் கொடுத்தோம். தமக்குப் படிக்கத் தெரியாது என்றார். பெயர் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார். விரலை வைத்துக் காட்டினோம். அதே இடத்தில் தாமும் ஒருமுறை விரலை வைத்துப் பார்த்துவிட்டு, மடலை மடித்து மடியில் செருகிக்கொண்டு மலைப்பாதையில் நடந்தார்.